DEPOSIT என்ற சொல்லில் எத்தனை சோடி

கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கிக் கிளை. எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது மூக்கைச் சுளிப்பார்கள். அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள் மேபல். சம்பளப் பட்டியலில் அவள் அலுவலக உதவியாளர். நடைமுறையில் அந்தக் கிளையின் அச்சாணி. மின்விசிறி நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், கவுண்டரில் நிற்கும் பெரியவருக்குச் சிங்களப் படிவம் விளங்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முகாமையாளரின் மூக்குக்கண்ணாடி வாரத்துக்கு இரண்டு முறை காணாமல் போகும். அதையும் அவள்தான் தேடிக் கொடுக்க வேண்டும். அநேகமாக அது அவருடைய தலைமேலேயே இருக்கும்.

ஆனால் மேபலின் சொந்த ராச்சியம் பின்னறையில் இருந்தது. பழைய கணக்குகளின் கையொப்ப அட்டைகள் அங்கே ஐந்து இழுப்பறைகளில் கிடந்தன. புதிய கணக்குகளெல்லாம் கணினிக்குள் போய்விட்டன. பழைய வாடிக்கையாளர்களின் அட்டை மட்டும் இன்னும் கைக்கு வர வேண்டியிருந்தது. முதல் இழுப்பறை A முதல் E வரை. அடுத்தது F முதல் J. அதற்குக் கீழே K முதல் O, பிறகு P முதல் T. கடைசியில் U முதல் Z வரை ஆறு எழுத்து; அந்த எழுத்துகளில் ஆட்கள் குறைவு என்பதால் ஆறும் ஒன்றாக அடங்கிவிட்டன. பெயரைச் சொன்னால் போதும், மேபலின் கை தானாகப் போய் அட்டையோடு வரும். கை எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் போகும். அட்டைகளைப் பின்னாலிருந்து புரட்டுகிற ஆளை அவளுக்குப் பிடிக்காது.

அட்டையை இடம் மாற்றி வைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், கணவனைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி, அட்டை கிடைக்காமல் மத்தியானம் வரை மர வாங்கில் உட்கார்ந்து காத்துக் கிடந்தாள். மேபல்தான் அந்த அட்டையை அவசரத்தில் வேறு எழுத்தில் செருகியிருந்தாள். பிழை அவளுடையது என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்கூட, அட்டையைத் தேடித் தந்தாள் என்று மேபலுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நன்றி இன்றுவரை அவளுக்குச் செரிக்கவில்லை.

இனி பரீட்சைக்கு வருவோம். உதவியாளராக இருப்பவர்கள் கவுண்டரில் உட்காரும் எழுத்தராக, அதாவது இலிகிதராக வேண்டுமானால் வங்கி நடத்தும் உள்ளகப் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வரும். ஐம்பது கேள்வி, முப்பது சரி வந்தால் தேர்ச்சி. இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எழுத முடியாது. மேபலுக்கு நாற்பத்துநான்கு முடியப் போகிறது. இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது நுண்ணறிவுப் பகுதி. இம்முறை விட்டால் சாகும்வரை மின்விசிறியும் மூக்குக்கண்ணாடியும்தான்.

வெள்ளவத்தையில் புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் நிம்றா என்ற பெண் சனிக்கிழமைகளில் நுண்ணறிவு வகுப்பு நடத்தினாள். மேபலின் மகள் வயதுதான் இருக்கும். மேபல் முதல் நாள் போனபோது யாருடைய தாய் என்றுதான் கேட்டார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு இளைஞன் மட்டும் எழுந்து இடம் விட்டான். பெயர் ஸாலிஹ். தெமட்டகொடைப் பையன், அதே வங்கியின் வெள்ளவத்தைக் கிளையில் உதவியாளர், வயது முப்பத்தொன்று. அன்றிலிருந்து அவன் அவளுக்கு மல்லி, சிங்களத்தில் தம்பி; அவள் அவனுக்கு அக்கா. மத்தியானச் சாப்பாட்டில் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கினால் இரண்டாகப் பிய்த்துக்கொள்வார்கள்.

எழுத்துக் கேள்வி வந்த அன்று நிம்றா பலகையில் E, J, O, T, Y என்று ஐந்து எழுத்தை எழுதினாள்.

"இந்த அஞ்சையும் பாடமாக்குங்க. E அஞ்சாவது, J பத்தாவது, O பதினஞ்சு, T இருவது, Y இருவத்தஞ்சு. எந்த எழுத்தோட இடத்தையும் இதுல இருந்து எண்ணிப் புடிக்கலாம்."

மேபல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மிஸ்?" என்றாள் நிம்றா.

"ஒண்டுமில்ல பிள்ளை. இது என்ர லாச்சியளின்ர கடைசி எழுத்துகள், கடைசி லாச்சியில மட்டும் Z ஒண்டு கூட. பத்தொன்பது வருஷமா இதைத்தான் திறந்து மூடுறன்."

அதன்பிறகு எழுத்துகளின் இடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. R எத்தனையாவது? நாலாவது இழுப்பறையில் மூன்றாவது எழுத்து. மூன்று இழுப்பறைக்குப் பதினைந்து, அதோடு மூன்று, பதினெட்டு. மற்றவர்கள் விரல் மடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

சோடிக் கேள்விதான் கொஞ்சம் இழுத்தது. ஒரு சொல்லைத் தருவார்கள். அதிலுள்ள இரண்டு எழுத்துகளுக்கு இடையே, ஏபிசிடி வரிசையில் எத்தனை எழுத்து உண்டோ, சொல்லுக்குள்ளும் அத்தனையே இருந்தால் அது ஒரு சோடி. நிம்றா BRANCH என்று எழுதிக் காட்டினாள். அதில் A-க்கும் C-க்கும் நடுவே N என்று ஒரு எழுத்து. வரிசையிலும் A-க்கும் C-க்கும் நடுவே B என்று ஒரு எழுத்து. ஆகவே அது சோடி. வேறு எந்த இரண்டும் ஒத்து வராது; அந்தச் சொல்லில் ஒன்றே ஒன்றுதான்.

"ஆனா ரெண்டு பக்கமும் பாக்கோணும்," என்றாள் நிம்றா. "முன்னுக்கு இருந்து பின்னுக்கும், பின்னுக்கு இருந்து முன்னுக்கும். கேள்வில அப்பிடித்தான் கேப்பாங்க."

மேபலின் கை முன்னிருந்து பின்னாகவே போய்ப் பழகியது. தலைகீழ்ச் சோடிகள் அவளுடைய கண்ணில் படுவதே இல்லை. ஸாலிஹுக்கோ அதில் சிரமமே இருக்கவில்லை. சொல்லை இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்ப்பான்.

"எப்பிடி மல்லி உனக்கு இது வருது?"

"நாலு வயசுல மத்ரஸாவுக்கு உட்டாங்க அக்கா. அங்க வலப் பக்கத்தால. ஸ்கூல்ல இடப் பக்கத்தால. ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கின," என்றான் ஸாலிஹ்.

பரீட்சை நடந்தது. முப்பத்தேழாவது கேள்வியில் DEPOSIT. வங்கிக்காரர்களுக்கு வேறு என்ன சொல் தோன்றும்? மேபல் எண்ணினாள். D, E பக்கத்துப் பக்கத்தில், வரிசையிலும் அப்படியே, ஒன்று. D-க்கும் I-க்கும் நடுவே சொல்லில் E, P, O, S என்று நான்கு, வரிசையில் E, F, G, H என்று நான்கு, இரண்டு. E-க்கும் I-க்கும் நடுவே இரண்டிலும் மும்மூன்று, மூன்று. P-க்கும் T-க்கும் நடுவே சொல்லில் O, S, I, வரிசையில் Q, R, S, அதுவும் சரி. நான்கு என்று அடையாளமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முப்பது. சரியாக முப்பது. அதோடு இலிகிதர் நியமனமும். மேபல் கடிதத்தைப் பின்னறையில் வைத்து மூன்று தடவை வாசித்தாள். முகாமையாளர் கேக் வாங்கி வெட்டினார். கணவன் பிறெடி துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவன், சுலபத்தில் உணர்ச்சிவசப்படுகிற ஆளில்லை. அவனே அன்று வேலை முடிந்து வரும்போது கோழி வாங்கி வந்தான். அந்தோனியார் கோயிலில் மேபல் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினாள். அவ்வளவு சந்தோசம் அவளுக்குக் கலியாணத்தன்றுகூட வந்ததில்லை. பிறெடியிடமே அதைச் சொல்லியும் விட்டாள்.

திங்கட்கிழமை ஸாலிஹ் போன் எடுத்தான்.

"அக்கா, முபாரக்! எனக்கு இருவத்தொம்போது."

"ஐயோ மல்லி! ஒண்டாலயா?"

"ஓம். அந்த டெபொசிட் கேள்விதான். நான் அஞ்சு எண்டு போட்ட. விடை நாலாம். எங்கயோ கூட எண்ணிட்டேன். பரவால்ல, மூணு வருஷத்துக்குப் பொறகு பாப்போம்."

அவனுடைய குரலில் ஒரு துளி பொறாமை இருந்திருந்தால் மேபலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இருக்கவில்லை.

வினாத்தாளையும் விடைப்பட்டியலையும் தலைமையகம் கிளைகளுக்கு அனுப்பியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஸாலிஹ் எங்கே பிழைவிட்டான் என்று பார்ப்பதற்காகத்தான் மேபல் தாளை எடுத்தாள். கேள்வியின் கடைசி வரியில் பொடி எழுத்தில், 'முன்னோக்கியும் பின்னோக்கியும்' என்று இருந்தது. பரீட்சையன்று அந்த வரியை அவள் வாசிக்கவே இல்லை. விடைப்பட்டியல் போட்ட மகானும் வாசிக்கவில்லை போலும்.

ஸாலிஹ் மாதிரி வலப் பக்கத்திலிருந்து பார்த்தாள். T, I, S, O, P. O-வும் P-யும். சொல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன, வரிசையிலும் அடுத்தடுத்து. மூன்றாவது இழுப்பறையின் கடைசி எழுத்து, நாலாவதின் முதல் எழுத்து. ஐந்தாவது சோடி. இன்னொரு தடவை எண்ணினாள். ஐந்தேதான். அவள் பிழை, விடைப்பட்டியல் பிழை, ஸாலிஹ் சரி.

விடை திருத்தப்பட்டால் ஸாலிஹுக்கு முப்பது. அவளுக்கு இருபத்தொன்பது. அவன் இன்னும் நான்கு முறை எழுதலாம். அவளுக்கு இனி ஒரு முறையும் இல்லை.

பிறெடியிடம் சொன்னாள். அவன் கையில் இருந்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"வேற ஆருக்காவது தெரியுமா?"

"இல்ல. மல்லிக்கே தெரியாது. அவன் தான்தான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

"அப்ப நீ ஏன் வாயைத் திறக்கிறாய்? நீ களவா எடுத்தனி? பேங்க்தானே குடுத்தது. பெடியன் சின்னவன், இன்னொரு தரம் எழுதுவான்."

பிறெடி கெட்டவன் இல்லை. அவன் சொன்னது ஒன்றும் பொய்யும் இல்லை. அதுதான் மேபலுக்கு எரிச்சலாக இருந்தது. செவ்வாய் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தாள். புதன்கிழமையும் இருந்து பார்த்தாள். கிளையில் எல்லோரும் அவளுக்குக் கைகொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கில் காத்துக் கிடந்த அந்தப் பெண் சொன்ன நன்றி மாதிரியே ஒவ்வொரு வாழ்த்தும் செரிக்காமல் கிடந்தது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் போனாள். ஸாலிஹ் கிளையின் பின்பக்கம் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தாளை விரித்து O-வையும் P-யையும் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அப்ப நான் சரியா அக்கா! எனக்கு முப்பது!"

"ஓம். நாளைக்கு மூண்டு மணிக்கு முந்தி எழுதிக் குடு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. கணக்கில் அவன் கெட்டிக்காரன் அல்லவா?

"ஒங்களுக்கு எத்தன அக்கா?"

"அதை விடு."

"செல்லுங்க. முப்பதுதானே? நீங்க நாலுதானே போட்டீங்க?"

ஸாலிஹ் தாளை மடித்து அவளுடைய கைப்பைக்குள் செருகினான்.

"நான் எழுத மாட்டேன். ஒங்கட வேலய எடுத்துட்டு நான் கவுண்டர்ல குந்துறா? எனக்கு வாணாம். எனக்கு இன்னும் வயசு ஈக்கி. பொறகு எழுதுவேன்."

"விசர்க்கதை கதைக்காத மல்லி. உன்ர மார்க் அது."

"என்ட மார்க்தானே? வாணாம் எண்டு நான் செல்றேன். முடிஞ்சி."

கெஞ்சினாள், ஏசினாள். அவன் தண்ணீர்ப் போத்தலை அடுக்கத் தொடங்கிவிட்டான். மேபலுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காலி வீதியில் இறங்கி பஸ் ஏறினாள். பம்பலப்பிட்டி தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஆட்சேபம் எழுத வேண்டியவன் ஸாலிஹ்தான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பரீட்சை எழுதிய யாரும் எழுதலாம்.

வெள்ளிக்கிழமை காலை, கிளைக்குப் போனதும் முதல் வேலையாக எழுதினாள். முப்பத்தேழாவது கேள்விக்குச் சரியான விடை ஐந்து. சோடிகள் DE, DI, EI, PT, பின்னோக்கி OP. நான்கு என்று எழுதிய எனக்கு அந்தப் புள்ளி உரியதல்ல. ஐந்து என்று எழுதியவர்களுக்கு அது உரியது. கீழே கையொப்பம் வைத்தாள். மத்தியானம் தலைமையகத்துக்குப் போகும் பையில் தானே போட்டுக் கட்டினாள். இலிகிதர் மேசையில் உட்காரும்போது உடுக்கலாம் என்று இரண்டு சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அவற்றை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். வீட்டில் சொன்னதும் பிறெடி கோபத்தில் அலுமாரியைத் திருத்துகிறேன் என்று இரண்டு நாள் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும், "நீ இப்பிடித்தான் எண்டு தெரிஞ்சுதானே கட்டினனான்," என்றான். அவனிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

பத்து நாள் கழித்து, பின்னறையில் மேபல் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைமையகத்திலிருந்து போன் வந்தது. பரீட்சைப் பிரிவு அதிகாரி தனஞ்சயன்.

"மிஸிஸ் மேபல், இருவது வருஷமா இந்தப் பிரிவில இருக்கிறன். புள்ளியைக் கூட்டச் சொல்லித்தான் எல்லாரும் எழுதுவினம். குறைக்கச் சொல்லி எழுதினது நீங்கள் ஒராள்தான்."

"சேர், அது சரியா பிழையா?"

"சரி. விடை அஞ்சுதான். பட்டியலை மாத்திட்டம்."

"அப்ப வெள்ளவத்தை ஸாலிஹ்?"

"அவருக்கு முப்பது. பாஸ். இண்டைக்குக் கடிதம் போகுது. அதோட—"

"தாங்ஸ் சேர், பெரிய தாங்ஸ்," என்று மேபல் போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மிச்சத்தை அந்த மனிதர் வாயால் சொல்லக் கேட்கத் தெம்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அட்டைகளை அடுக்கினாள். ஸாலிஹ் கடிதத்தைப் பிரிக்கும்போது எப்படி முழிப்பான் என்று நினைக்க மனம் லேசாகவே இருந்தது. உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. அதை அவளே எதிர்பார்க்கவில்லை.

போன் மறுபடி அடித்தது.

"என்ன மிஸிஸ் மேபல், கதைச்சு முடியிறதுக்குள்ள வைச்சிட்டீங்கள்? உங்கட ரிசல்ட்டைக் கேக்கவே இல்லையே."

"அது எனக்குத் தெரியும் சேர். இருவத்தொன்பது."

"இருவத்தொன்பதுதான். ஆனா பிழை எங்கட. பிழையான பட்டியலை நம்பிக் குடுத்த நியமனக் கடிதம் ஒண்டையும் திரும்ப எடுக்கிறேல்லை எண்டு சபை தீர்மானிச்சிருக்கு. உங்கட கடிதம் உங்கடதான். அடுத்த முதலாந் திகதி பயிற்சிக்கு வாங்கோ."

தனஞ்சயன் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றார். மேபல் போனை வைத்துவிட்டு, திறந்த இழுப்பறையின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒளிக்காமல், வெட்கப்படாமல், தேம்பித் தேம்பி அழுதாள். கவுண்டர்ப் பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். கையை அசைத்து அவர்களைப் போகச் சொன்னாள். பிறகு போனை எடுத்து வெள்ளவத்தைக்கு அழைத்தாள்.

"மல்லி, நீ பாஸ்."

சந்தோசப்படுகிறானா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள்.

"நீங்கதான் எழுதினீங்களா அக்கா?" என்றான் கடைசியில். "ஏன் எழுதினீங்க? நான் வாணாம் எண்டு சென்ன தானே? நான் போய் வேலய வாணாம் எண்டு செல்றேன். இப்பவே செல்றேன்."

"பொறுடா, கேள். நானும் பாஸ்."

"பொய் செல்லாதீங்க."

"பொய்யில்ல. ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும்தான் மல்லி. முதலாந் திகதி ஒண்டாப் போறம்."

இரண்டு பேரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்கள்.